சிவப்புச் சனிக்கிழமை

ஸ்கோவ்லெவ் ஊர்க்கூடம் அந்த வருஷம் நிரம்பி வழிந்தது. அப்படித்தான் கணினித் திரை சொன்னது. மே மாதம் முழுக்கச் சிவப்பு. ஜூன் முழுக்கச் சிவப்பு. நடுவில் எங்காவது ஒரு வெள்ளைக் கட்டம் கிடைத்தால் அது அதிகாலை நான்கு மணியாக இருக்கும்.

வருடாந்தரப் பொதுக்கூட்டத்தில் தலைவர் பிரெபென் அந்தத் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். "இந்தக் கூடம் கட்டின நாள்லேர்ந்து இவ்வளவு நெருக்கடி இருந்ததே இல்லை," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். குத்ரூனும் தட்டினாள். தட்டிக்கொண்டே, போன மாதம் காப்பிக் கோப்பைகளை எத்தனை தடவை அலமாரியிலிருந்து எடுத்தோம் என்று யோசித்தாள். அலமாரிக் கதவின் கீல் துருப்பிடித்திருந்தது.

நாற்பது வருடமாகக் கூடத்தின் சாவி அவளிடம்தான். முன்பெல்லாம் நாள் குறிப்பதும் அவளிடம்தான் இருந்தது. அவள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி. யாருக்காவது கூடம் வேண்டுமென்றால் கூப்பிடுவார்கள். அவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு பென்சிலால் எழுதுவாள். இரண்டு பேர் ஒரே நாளைக் கேட்டால் இருவரையும் கூப்பிட்டுப் பேசிச் சரிசெய்வாள்.

போன வருஷம் ஒரே ஒரு முறை தவறிப்போனது. சனிக்கிழமை பன்றிப் பண்ணைக்கார ஹார்டி வீட்டுக் கல்யாணம். ஊர் வழக்கப்படி சனிக்கிழமை விருந்து சனிக்கிழமையோடு முடிவதில்லை. ஞாயிறு மதியம் வீட்டார் திரும்பி வந்து மிச்சத்தைச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, தரையைத் துடைத்துவிட்டுத்தான் போவார்கள். அந்த ஞாயிறு மதியத்தைத்தான் குத்ரூன் ஒரு ஞானஸ்நான விருந்துக்கும் கொடுத்துவிட்டாள். தேவாலயத்திலிருந்து குழந்தையை நீளமான வெள்ளை அங்கியோடு தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கதவைத் திறந்தார்கள். உள்ளே ஹார்டியின் குடும்பம் காலுறையோடு உட்கார்ந்து ஆறிப்போன பன்றி வறுவலைத் தின்றுகொண்டிருந்தது. ஹார்டி இரண்டு நாற்காலியைச் சேர்த்துப்போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

மற்றபடி ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. இரண்டு கூட்டமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது. ஆனால் அந்த வெள்ளை அங்கிக் குழந்தை பிரெபெனின் பேரக்குழந்தை. கோபன்ஹேகனிலிருந்து வந்திருந்த சம்பந்தி, ஹார்டியின் கால் கட்டைவிரல் காலுறையை விட்டு வெளியே எட்டிப்பார்த்ததை ஊர் திரும்பியும் மறக்கவில்லை.

அதன் பிறகுதான் பிரெபென் இணையத்தில் முன்பதிவு முறையைக் கொண்டுவந்தார்.

"கட்டடத்துக்கும் மூச்சு விட நேரம் வேணும்," என்று நிர்வாகக்குழுவில் விளக்கினார். ஒவ்வொரு முன்பதிவுக்கும் முன்னால் மூன்று மணி நேரம், மேசை போட. பின்னால் மூன்று மணி நேரம், கழுவித் துடைக்க. இதற்கு அவர் வைத்த பெயர் இடைநேரம். "இனிமே ஒருத்தர் மேல ஒருத்தர் விழ மாட்டாங்க."

"ரெண்டு விருந்துக்கு நடுவுல அப்போ ஆறு மணி நேரமா?" என்று கேட்டாள் ஆஸ்தா. சமையலறையில் குத்ரூனோடு முப்பது வருடம் பாத்திரம் கழுவியவள். நிர்வாகக்குழுவிலும் இருந்தாள். "இவன் துடைக்கற நேரத்துலயே அவன் மேசை போடலாமே?"

"அது இவனோட நேரம். இது அவனோட நேரம். ரெண்டையும் கலக்கக் கூடாது."

"சீட்டாடறவங்களுக்கு எதுக்குப் பின்னாடி மூணு மணி நேரம்? நாலு மேசை, ஒரு பெட்டி சீட்டு. சிகரெட் சாம்பல்கூட இல்ல இப்பல்லாம்."

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் ஆஸ்தா."

குழுவில் ஐந்து பேர். ஹார்டியும் அதில் ஒருவன். கல்யாணத்துக்கு மறுநாள் தூங்கியவன் என்பதால் அன்று வாயைத் திறக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. குத்ரூன் குழுவில் இல்லை. அவளிடம் பிரெபென் தனியாக வந்து, தோளைத் தட்டிச் சொன்னார்: "சாவி உங்கிட்டயே இருக்கட்டும். நேரத்தை நான் பாத்துக்கறேன்."

ஊர் மக்களுக்குத் தெரிந்த நாட்காட்டியில் விருந்தும் சிவப்பு, இடைநேரமும் சிவப்பு. எது ஆள் இருக்கும் நேரம், எது வெறும் தரை காயும் நேரம் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. மாலை ஏழு மணிக்கு இரண்டு மணி நேரம் நடனப் பயிற்சி இருந்தால், பிற்பகல் நாலிலிருந்து நள்ளிரவு வரை கூடம் கிடையாது. நடனக்காரர்கள் கொண்டுவருவது ஒரு பாட்டுப் பெட்டி மட்டும்தான்.

கூட்டிப் பெருக்கும் லோனே வெள்ளிக்கிழமைப் பொதுச்சாப்பாடு முடிந்த கையோடு, ஆட்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே காலைத் தூக்கச் சொல்லித் துடைத்துவிடுகிறவள். ஒரு நாள் பிரெபென் அவளைக் கூப்பிட்டு, சுத்தம் செய்வதையும் பதிவு செய்யச் சொன்னார்.

"அதுக்குத்தானே பின்னாடி மூணு மணி நேரம் வச்சிருக்கு?" என்றாள் லோனே.

"பதிவுல இல்லாதது நடக்கவே இல்லைன்னு அர்த்தம்."

லோனே வம்பு வேண்டாமென்று ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை 'சுத்தம்' என்று போட்டுவைத்தாள். அதுவும் ஒரு முன்பதிவு. ஆகவே அதற்கு முன்னால் மூன்று மணி நேரம், பின்னால் மூன்று மணி நேரம். சுத்தம் செய்வதற்கு ஆயத்தம் செய்யவும், சுத்தம் செய்ததைச் சுத்தம் செய்யவும். மாலை ஆறு மணிக்குச் சீட்டாட்டம். அதற்கு முன்னால் மூன்று. இப்படியாகச் சனிக்கிழமை காலை ஏழிலிருந்து நள்ளிரவு வரை ஒரே சிவப்பு. அந்த நாளில் கூடத்துக்குள் நுழையப்போவது எட்டுச் சீட்டாட்டக்காரர்கள் மட்டும்தான்.

குத்ரூனுக்கு இது தெரியும். கோடை வரும்போது பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வெள்ளிவிழாக்களை நெடுஞ்சாலை விடுதிக்குக் கொண்டுபோவதும் தெரியும். ஆனாலும் பொதுக்கூட்டத்தில் அவள் கைதட்டினாள், சாவியைப் பையில் போட்டாள், வீட்டுக்குப் போனாள்.

பிறகு அவள் அண்ணன் ஆக்செல் இறந்துபோனான்.

செவ்வாய்க்கிழமை காலையில் பால் வண்டிக்காரன் பார்த்தான். ஆக்செலுக்குக் கல்யாணம் ஆகவில்லை, குழந்தை இல்லை, உறவென்று குத்ரூன் ஒருத்திதான். போதகர் சனிக்கிழமை பன்னிரண்டு மணி சரியா என்று கேட்டார். சரி என்றாள். அடக்கம் முடிந்ததும் ஊர் முழுக்கக் காப்பிக்கு வரும். எங்கே வரும் என்று யாரும் கேட்கவில்லை. தேவாலயத்துக்கு எதிரே ஒரே ஒரு கட்டடம்தான் இருக்கிறது.

இந்த ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் குத்ரூன்தான் காப்பி ஊற்றியிருக்கிறாள். ஒருவர் காப்பியில் பால் ஊற்றுவாரா மாட்டாரா என்பது அவர் பெயரைப் போல அவளுக்குத் தெரியும். இப்போது தன் வீட்டுச் சாவுக்குக் கோப்பை எடுத்துவைக்க வேண்டும். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

புதன்கிழமை பிரெபென் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கேக் வெட்டி வைத்தாள். பிரெபென் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பாரு குத்ரூன். நான் சொல்லலை, இதுவே சொல்லுது."

"அது லோனே. அவ வெள்ளிக்கிழமையே துடைச்சுட்டுப் போயிடுவா."

"பதிவுல சனிக்கிழமைன்னு இருக்கு."

"நீதானே போடச் சொன்னே?"

"அது சரியான நடைமுறை."

"அப்போ அவ பதிவை எடுத்துடு."

பிரெபென் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு சத்தம் போட்டுவிட்டு வெளியே வந்திருக்கலாம்.

"இங்க பாரு. ஆக்செல் போனதுல எனக்கும் வருத்தம்தான். ஆனா ஒரு விதிவிலக்கு குடுத்தா அப்புறம் எல்லாரும் கேப்பாங்க."

"எல்லாரும் செத்தா எல்லாருக்கும் குடேன்."

"விதியை மாத்தறது என் கையில இல்லை. நிர்வாகக்குழு கூடணும்."

"கூட்டு."

"குழு கூடத்துலதான் கூடணும், அப்படித்தான் சங்க விதி." பிரெபென் மறுபடி திரையைப் பார்த்தார். விரலால் கீழே தள்ளினார். இன்னும் தள்ளினார். "குழுக் கூட்டமும் ஒரு முன்பதிவுதானே. முன்னாடி மூணு, பின்னாடி மூணு... அடுத்து காலியா இருக்கறது..." அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம்கூட வந்தது, எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்பது போல. "மூணு வாரம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை."

குத்ரூன் கேக்கைத் தொடாமல் எழுந்தாள்.

"நெடுஞ்சாலை விடுதியில நல்ல அறை இருக்கு," என்றார் பிரெபென், வாசல்வரை வந்து. "வண்டி நிறுத்தவும் நிறைய இடம்."

"ஆமா. ஆக்செலுக்கு வண்டி நிறுத்த இடம்தான் ரொம்ப முக்கியம்."

வரும் வழியில் அவளுக்கு அழுகை வரவில்லை. விடுதியில் காப்பியை ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டு நாள் முழுக்கச் சுடவைத்துக்கொண்டே இருப்பார்கள். ஆக்செல் ஒரு முறை அங்கே குடித்துவிட்டு, தார் போடும் வண்டியிலிருந்து பிடித்துக் குடித்தது போல இருக்கிறது என்றான். ஊரில் பாதிப் பேருக்கு இப்போது வண்டி ஓட்டும் உரிமம் இல்லை. வயதாகிவிட்டது. அடக்கம் முடிந்ததும் அவர்கள் கல்லறை வாசலில் நின்று, பூட்டிய கூடத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

பையில் கைவிட்டாள். சாவி இருந்தது.

சனிக்கிழமை காலை அவள் கூடத்தைத் திறந்தபோது லோனே ஏற்கெனவே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எதுக்கு வந்தே?"

"பத்து மணி ஆச்சே. நான் சுத்தம் பண்ற நேரம்." லோனே எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "பதிவுல இருக்கு. இன்னிக்காவது வரணும்னு தோணுச்சு."

ஆஸ்தா ரொட்டிகளோடு வந்தாள். மூவரும் மேசைகளை இழுத்துப் போட்டார்கள், வெள்ளை விரிப்பு விரித்தார்கள், தோட்டத்துப் பூவைக் கண்ணாடிக் குவளைகளில் வைத்தார்கள். அலமாரியின் கீல் கிறீச்சென்றது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நூறு பேருக்கான மேசைகள். ஆஸ்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "விதிப்படி இன்னும் ரெண்டு மணி நேரம் மூச்சு விடலாம்," என்றாள்.

குத்ரூன் வெளியே போய்க் கொடியை அரைக்கம்பத்தில் ஏற்றிவிட்டுத் தேவாலயத்துக்குப் போனாள்.

மண் போட்டு முடிந்து எல்லோரும் சாலையைக் கடந்தார்கள். வழக்கப்படி ஒருவர் கொடியைக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்ற வேண்டும். ஹார்டி போய் ஏற்றினான். பிரெபென் கறுப்புக் கோட்டோடு கூட்டத்தின் நடுவில் வந்துகொண்டிருந்தார். திறந்திருந்த கதவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"குத்ரூன். இது பதிவாகலையே."

"ஆக்செலும் பதிவு பண்ணிட்டுப் போகலைப்பா," என்றான் ஹார்டி, பின்னாலிருந்து. "நகரு, குளிருது."

"இங்க இப்ப சுத்தத்தோட இடைநேரம் நடக்கணும்."

"நடந்துட்டுதானே இருக்கு," என்றாள் லோனே. அவள் கையில் காப்பிக் குடுவை இருந்தது. "பதிவுப்படி பன்னெண்டு மணிக்கே முடிச்சுட்டேன். இப்ப நான் சுத்தம் பண்ணினதைச் சுத்தம் பண்ற நேரம். உக்காரு."

பிரெபென் உட்கார்ந்தார். வேறென்ன செய்வார். போதகர் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், கிழவர்கள் இடித்துக்கொண்டு வந்தார்கள்.

பாட்டுப் பாடினார்கள். ரொட்டி சாப்பிட்டார்கள். ஆக்செலைப் பற்றி மூன்று பேர் எழுந்து பேசினார்கள். மூவரும் அவன் வாங்கிக் கெட்டுப்போன அந்த ஒரே டிராக்டரைப் பற்றியே பேசினார்கள். குத்ரூன் குடுவையோடு மேசை மேசையாகப் போனாள். பால் ஊற்றுபவருக்கு ஊற்றினாள். ஊற்றாதவரைத் தாண்டினாள். எல்லோரும் அவளைப் பார்த்து, நீ உட்காரேன் என்றார்கள். அவள் உட்காரவில்லை. இதற்குத்தான் வந்திருந்தாள்.

கேக் வந்தபோது ஒன்றைக் கவனித்தாள். நடு மேசையில் பிரெபென், ஹார்டி, ஆஸ்தா, நடனக்காரி விபெகெ, பால்பண்ணை எஸ்கில். நிர்வாகக்குழு ஐவரும் ஒரே மேசையில்.

குடுவையைக் கீழே வைத்தாள்.

"குழு கூடத்துலதான் கூடணும்னு சொன்னே இல்லையா பிரெபென்?"

"ஆமா."

"இது என்ன?"

ஹார்டிதான் முதலில் சிரித்தான். "அட, அஞ்சு பேரும் இருக்கோமே. ஐயா தலைவரே, ஆரம்பிக்கலாமா?"

"இது கூட்டம் இல்லை," என்றார் பிரெபென். "கூட்டத்துக்கு முன்னறிவிப்பு இல்லை. நேரம் பதிவாகலை."

"அஞ்சு பேரும் இருந்து அஞ்சு பேரும் சம்மதிச்சா அறிவிப்பு வேணாம்," என்றார் எஸ்கில். அவர் அப்படிச் சொன்னது எல்லோருக்கும் ஆச்சரியம். பொதுவாகக் கூட்டங்களில் தூங்குவார். "விதியிலயே இருக்கு. நான்தான் எழுதினேன்."

"நான் சம்மதிக்கலை."

"சரி, அப்போ கேக் சாப்பிடு," என்றாள் ஆஸ்தா. "நாங்க சும்மா பேசிக்கறோம். சுத்தத்துக்கு இடைநேரம் எதுக்கு? ஒண்ணும் வேணாம். சீட்டாட்டம், நடனம், நம்ம கூட்டம், இதுக்கெல்லாம் பின்னாடி அரை மணி போதும். விருந்துக்குத்தான் நெசமா வேணும். முன்னாடி மேசை போட, மறுநாள் மதியம்வரை மிச்சம் சாப்பிட. ஒருத்தர் துடைக்கற நேரமும் அடுத்தவர் மேசை போடற நேரமும் சின்ன விஷயங்களுக்கு ஒண்ணாவே இருக்கட்டும். யாரு சரிங்கறீங்க?"

நாலு கைகள் உயர்ந்தன.

பிரெபென் முகம் சிவந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார்.

"நான் எதிர்க்கறேன்," என்றார். "எதிர்த்து வாக்களிச்சேன்னு நடவடிக்கைக் குறிப்புல எழுதணும். என் பேரைப் போட்டு எழுதணும்."

"எந்தக் கூட்டத்தோட குறிப்புல?" என்று கேட்டார் எஸ்கில், மெதுவாக.

தான் எதிர்த்து வாக்களித்தது எழுதப்படாமல் போய்விடும் என்பதைத் தாங்க முடியாத மனிதர் பிரெபென். அதற்காக ஒரு கூட்டம் நடந்தாக வேண்டும்.

"இந்தக் கூட்டத்தோட," என்றார்.

ஹார்டி கரண்டியால் கோப்பையைத் தட்டினான். "நாலுக்கு ஒண்ணு. நிறைவேறியது. இனி மாத்து."

"வீட்டுக்குப் போய்..."

"கைபேசியில முடியும்னு நீயே பெருமையடிச்சியே. மாத்து."

பிரெபென் உட்கார்ந்து கைபேசியை எடுத்தார். பெரிய விரல்களால் ஒவ்வொன்றாகத் தட்டினார். சுத்தம், பூஜ்யம். சீட்டு, அரை மணி. நடனம், அரை மணி. அவருக்குப் பின்னால் ஆட்கள் வந்து கூடினார்கள். அவர் கடைசியில் ஒன்றை அழுத்தினார், நாட்காட்டி புதிதாக வந்தது.

வெள்ளை.

மே மாதம் வெள்ளை. ஜூன் மாதம் வெள்ளை. காலையில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு, மாலையில் ஒன்று, எல்லாம் ஏழெட்டுப் பேர் கூடும் நேரம். பல் விழுந்த வாய் போல இருந்தது. இலையுதிர் காலம்வரை ஒரே ஒரு கல்யாணம்.

பொதுக்கூட்டத்தில் கைதட்டியவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றிருந்தார்கள்.

"நெறஞ்சு வழியுதுன்னு சொன்னோமே," என்றாள் விபெகெ.

"அசிங்கமா இருக்கு," என்றார் பிரெபென் தணிந்த குரலில். "எல்லாரும் பாப்பாங்க. நம்மகிட்ட யாருமே வர்றதில்லைன்னு தெரிஞ்சுபோகும்."

குத்ரூனுக்கு நல்ல பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. புதன்கிழமையிலிருந்து சேர்த்துவைத்திருந்தவை நிறைய இருந்தன. அவள் அந்த வெள்ளையைப் பார்த்தாள். சிவப்பு இல்லாவிட்டால் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். வருவார்களா என்று இப்போது தெரியவில்லை. ஆனால் காலி என்றால் காலி என்று தெரியட்டும். கேட்க நினைப்பவனாவது கேட்பான்.

எதிர்மேசையில் ரொட்டி பாதிக்குமேல் மிச்சமிருந்தது. ஆஸ்தா எப்போதும் அதிகமாகத்தான் செய்வாள்.

"நாளைக்கு மதியம் போடு," என்றாள் குத்ரூன். "ஞாயிறு. பன்னெண்டு மணி."

"என்னன்னு போட?"

"மிச்சம் சாப்பிடறது."

பிரெபென் விரல் திரைக்கு மேலே நின்றது. "சாவுக் காப்பிக்கு மறுநாள் மிச்சம் சாப்பிடற வழக்கம் இல்லையே. விருந்துக்குத்தானே?"

"இல்லைதான். போடு."

போட்டார். அந்தப் பெரிய வெள்ளையில் ஒரு சின்னச் சிவப்புக் கட்டம் தோன்றியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பின்னாடி எவ்வளவு நேரம் விடணும்?" என்று கேட்டார்.

"சாப்பிட்டவங்க கழுவற வரைக்கும்," என்றாள் குத்ரூன். குடுவையை எடுத்து அவர் கோப்பையில் ஊற்றினாள். அவருக்குப் பால் கிடையாது. "நீயும் வா. தோள்ல போட ஒரு துண்டு எடுத்துட்டு வா, பாத்திரம் துடைக்க."